சதுர அடிக்கு ரூ.300: அடுக்குமாடிச் சங்கத்தின் பழுதுபார்ப்புச் சிறப்பு வசூல் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

மும்பை: பருவமழை ஓய்ந்து அக்டோபர் பிறந்ததும் மும்பையின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூங்கில் சாரங்கள் எழத் தொடங்கும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். கட்டடத்தைப் பெரிய அளவில் பழுதுபார்க்க ஒவ்வொரு உறுப்பினரும் வழக்கமான பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல் ஒரு சிறப்புத் தொகை செலுத்த வேண்டும் என்று வீட்டுவசதிக் கூட்டுறவு சங்கத்தின் நிர்வாகக் குழு அதில் தெரிவித்திருக்கும். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது ஓராண்டுச் சேமிப்பாக இருக்கக்கூடும்.

அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது, யார் எவ்வளவு செலுத்த வேண்டும், எந்த வழியில் செலுத்தினால் என்ன விளைவு என்பவற்றை மகாராஷ்டிரத்தின் நடைமுறையைக் கொண்டு பார்க்கலாம். அம்மாநிலத்தில் 1960-ஆம் ஆண்டின் கூட்டுறவு சங்கங்கள் சட்டமும், அதன் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி துணை விதிகளும் இவ்விவகாரத்தை ஒழுங்குபடுத்துகின்றன.

துணை விதிகளின்படி, 15 முதல் 30 ஆண்டுகள் வரை பழைமையான கட்டடத்துக்கு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்துக்கு 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கட்டமைப்புத் தணிக்கை நடத்தப்பட வேண்டும். பெரும்பாலான சிறப்பு வசூல்கள் இந்தத் தணிக்கை அறிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

கடலோர நகரங்களில் பழுதின் மூலக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். உப்புக் காற்றும் மழை ஈரமும் வெடிப்புகள் வழியாகக் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. வெளியே தெரியும் வெடிப்புக்கு மேல் பூச்சு பூசி வண்ணம் அடித்தால் ஓரிரு மழைக்காலம் அழகாக இருக்கும். கம்பி மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

எனவே நல்ல தணிக்கை அறிக்கையில் புகைப்படங்களுடன் சோதனை முடிவுகளும் இருக்கும். சுத்தியலால் தட்டி உள்ளீடற்ற ஒலி எழும் இடங்களைக் குறித்தல், கான்கிரீட்டின் தரத்தை மீயொலி அலைகளால் அளத்தல், உடைத்தெடுத்த பகுதியில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தல் ஆகியவை வழக்கமானவை. கரைசல் இளஞ்சிவப்பாக மாறினால் கம்பியைக் காக்கும் காரத்தன்மை கான்கிரீட்டில் எஞ்சியிருக்கிறது என்று பொருள். நிறம் மாறாவிட்டால் அந்தக் காப்பு போய்விட்டது. எந்தச் சோதனையும் இல்லாத, புகைப்படங்கள் மட்டும் நிறைந்த அறிக்கையை வைத்துப் பல லட்சம் ரூபாய் கேட்கும் சங்கத்திடம் உறுப்பினர்கள் தயங்காமல் விளக்கம் கேட்கலாம்.

அறிக்கை எந்த வகையைக் குறிப்பிடுகிறது என்பதும் முக்கியம். மும்பை மாநகராட்சி நடைமுறையில் சி-1 என்பது வசிக்கத் தகுதியற்ற, காலி செய்து இடிக்க வேண்டிய கட்டடம். அத்தகைய கட்டடத்தில் பழுதுபார்ப்புக்கு வசூலிப்பது வீண். ஆட்களை வெளியேற்றாமலே கட்டமைப்பைப் பழுதுபார்க்கக்கூடியவை சி-2பி வகையில் வருகின்றன. சிறப்பு வசூல் பொருள் பெறுவது இத்தகைய கட்டடங்களில்தான்.

இனி கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 1980-களில் கட்டப்பட்ட நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் 48 வீடுகள் உள்ளன என்று கொள்வோம். அவற்றில் 32 வீடுகள் தலா 450 சதுர அடி. 16 வீடுகள் தலா 650 சதுர அடி. மொத்தப் பரப்பு 24,800 சதுர அடி. தூண்களையும் உத்தரங்களையும் சரிசெய்ய ரூ.24 லட்சம், வெளிப்பூச்சுக்கும் வண்ணத்துக்கும் ரூ.30 லட்சம், மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்புக்கு ரூ.8 லட்சம், கழிவுநீர்க் குழாய்களை மாற்ற ரூ.8 லட்சம் என வேலை மதிப்பு ரூ.70 லட்சம். எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதமாக ரூ.7 லட்சமும், மேற்பார்வைப் பொறியாளர் கட்டணமாக ரூ.3 லட்சமும் சேர்ந்தால் ரூ.80 லட்சம். இதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.14.40 லட்சம். ஆக மொத்தம் ரூ.94.40 லட்சம்.

சங்கத்தின் பழுதுபார்ப்பு நிதியில் ரூ.8 லட்சம் இருக்கிறது. சிங்கிங் ஃபண்ட் எனப்படும் நீண்டகால ஒதுக்கு நிதியிலிருந்து ரூ.12 லட்சம் எடுக்கப் பொதுக்குழு ஒப்புதல் அளிக்கிறது. கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதத்தைப் பழுதுபார்ப்பு நிதிக்கும், 0.25 சதவீதத்தைச் சிங்கிங் ஃபண்டுக்கும் திரட்ட வேண்டும் என்கின்றன மாதிரி துணை விதிகள். ஆனால் பல சங்கங்கள் கட்டடம் எழுந்த காலத்துக் கட்டுமானச் செலவை வைத்தே இதை வசூலித்து வந்ததால், முப்பது ஆண்டு கழித்துத் திறந்து பார்க்கும்போது பெட்டி ஏறக்குறைய காலியாக இருக்கிறது. மீதமுள்ள ரூ.74.40 லட்சத்தை 24,800 சதுர அடியால் வகுத்தால், சதுர அடிக்கு ரூ.300. அறிவிப்பில் பெரிய எழுத்தில் வருவது இந்த எண்தான்.

வகுப்பதில்தான் சண்டை தொடங்கும். காவலாளி ஊதியம், லிப்ட் பராமரிப்பு போன்றவற்றை எல்லா வீடுகளும் சமமாகப் பகிர்வது வழக்கம். அதைப் பின்பற்றிப் பழுதுபார்ப்புத் தொகையையும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று பெரிய வீட்டுக்காரர்கள் கோருவதுண்டு. ஆனால் துணை விதிகள் பெரும் பழுதுபார்ப்பு நிதியைப் பரப்பளவின் அடிப்படையில் திரட்டச் சொல்கின்றன. நமது எடுத்துக்காட்டில் பரப்பளவின்படி சிறிய வீடு ரூ.1,35,000, பெரிய வீடு ரூ.1,95,000 செலுத்தும். சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு வீடும் ரூ.1,55,000. அதாவது சிறிய வீட்டுக்காரர் ரூ.20,000 கூடுதலாகச் செலுத்த, பெரிய வீட்டுக்காரருக்கு ரூ.40,000 மிச்சமாகும்.

மதிப்பீட்டில் அதிகம் நழுவுவது முதல் வரியான ரூ.24 லட்சம்தான். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்த பிறகே கம்பியின் உண்மை நிலை தெரியும் என்பதால், இத்தகைய வேலை பெரும்பாலும் மொத்தத் தொகைக்கு விடப்படுவதில்லை. ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு விலை நிர்ணயித்து, உண்மையில் செய்த அளவுக்கே பணம் தரப்படும். குறைந்த விலை கேட்ட ஒப்பந்ததாரருக்கு வேலையைத் தந்து மகிழ்ந்த சங்கம், அளவு ஒன்றரை மடங்காகிவிட்டது என்ற பட்டியல் வரும்போது திகைக்கிறது. இரண்டாவது வசூல் அறிவிப்புகள் பிறப்பது இங்குதான். அறிவிப்புடன் இணைக்கப்படும் மதிப்பீட்டில் விலை மட்டுமின்றி அளவும் இருக்க வேண்டும். கொத்தி எடுத்ததும், பூச்சு ஏறுவதற்கு முன்பாக, பொறியாளரும் ஒப்பந்ததாரரும் குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து அளந்து கையெழுத்திட்டால் பின்னர் தகராறு குறையும். பூச்சு ஏறிய பிறகு எதையும் சரிபார்க்க முடியாது.

இனி செலுத்தும் வழிகள். ஒரே தொகையாகச் செலுத்துவது சங்கத்துக்கு எளிது. வேலை நிலைகளுக்கேற்ப மூன்று அல்லது நான்கு தவணைகள் என்பது பரவலான ஏற்பாடு. சாரம் எழும்போது ஒன்று, கட்டமைப்பு வேலை முடிந்ததும் ஒன்று என அது அமையும். மாதத் தவணை உறுப்பினருக்கு இலகுவானது, சங்கத்துக்கோ சிக்கலானது. வேலை எட்டு மாதங்களில் முடிந்துவிடும்; பணமோ மூன்று ஆண்டுகளில் வரும். அந்த இடைவெளியை நிரப்பச் சங்கம் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கினால், வட்டியை யார் சுமப்பது என்பது அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். 11 சதவீத வட்டி என்று கொண்டால், ரூ.1,35,000-ஐ 36 மாதங்களில் செலுத்துபவருக்கு மாதம் ஏறத்தாழ ரூ.4,420 ஆகும், வட்டி மட்டும் சுமார் ரூ.24,000. தவணையைத் தேர்ந்தெடுத்தவர்களே அதைச் செலுத்துவதுதான் நியாயம். மொத்தமாகச் செலுத்தியவர்கள் மீதும் அதைப் பரப்பினால் அடுத்த கூட்டத்தில் அமைதி இருக்காது.

தவணையின் அளவுக்கு ஜிஎஸ்டி தொடர்பும் உண்டு. உறுப்பினர் ஒருவரின் மாதப் பங்களிப்பு ரூ.7,500-க்குள் இருந்தால் வரி விலக்கு உண்டு. அதைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால், 18 சதவீத வரி குறித்த கேள்வி எழும். மாதம் ரூ.2,500 வீதம் 48 வீடுகளிடம் வசூலிக்கும் சங்கத்தின் ஆண்டு வரவு ரூ.14.40 லட்சமே. ஆனால் சிறப்பு வசூல் நடக்கும் ஆண்டில் அது எளிதாக ரூ.20 லட்சத்தைக் கடந்துவிடும். வரி செலுத்த நேர்ந்தால், ஒப்பந்ததாரரிடம் செலுத்திய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளச் சங்கத்துக்கு வழியுண்டு. அப்படிக் கழிப்பதாக இருந்தால், மதிப்பீட்டில் ஏற்கெனவே சேர்த்த ரூ.14.40 லட்சத்தையும் வைத்துக்கொண்டு அதன் மேல் மீண்டும் வரி கேட்கக் கூடாது. தணிக்கையாளரின் எழுத்துப்பூர்வக் கருத்தைப் பெற்று அறிவிப்புடன் இணைக்கும் சங்கங்கள் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கின்றன.

இவை அனைத்துக்கும் பொதுக்குழுவின் தீர்மானம் தேவை. இந்த அளவு செலவை நிர்வாகக் குழு தானாக முடிவு செய்ய அதிகாரமில்லை. சிறப்புப் பொதுக்குழுவுக்கு முழுமையாக ஐந்து நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தீர்மானம் நிறைவேறிவிட்டால் கூட்டத்துக்கு வராதவரையும் அது கட்டுப்படுத்தும். வீட்டை வாடகைக்கு விட்டு வெளியூரில் இருப்பவர்கள் இதை அறியாமல் பின்னர் வருந்துவதுண்டு.

செலுத்தத் தவறினால், பொதுக்குழு நிர்ணயிக்கும் விகிதத்தில் தனிவட்டி சேரும். 2014-ஆம் ஆண்டின் மாதிரி துணை விதிகளில் அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 21 சதவீதம். அதன் பின்னரும் பாக்கி நின்றால், சட்டத்தின் 154பி-29 பிரிவின் கீழ் பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் பெற்று, நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சங்கத்தால் இயலும். தொகையிலோ பிரிப்பு முறையிலோ தவறு இருப்பதாகக் கருதும் உறுப்பினர், எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பேட்டில் பதியச் செய்து, கூட்டுறவு நீதிமன்றத்தை நாடலாம்.

வேலை முடிந்த பிறகும் ஒரு கணக்கு மிஞ்சும். ஒப்பந்ததாரரின் பட்டியலில் ஒரு பகுதியைச் சங்கம் பிடித்து வைத்து, உத்தரவாதக் காலத்தில் கசிவு ஏதும் இல்லை என்று உறுதியான பிறகே விடுவிக்கும். குறைந்தது ஒரு பருவமழையாவது அதற்குள் கடந்திருக்க வேண்டும். எதிர்பாராச் செலவுக்கென வசூலித்த ரூ.7 லட்சத்தில் மீதமிருந்தால், அது உறுப்பினர்களுக்குப் பரப்பளவின்படி திரும்புமா அல்லது பழுதுபார்ப்பு நிதியில் சேருமா என்பதையும் முதல் தீர்மானத்திலேயே எழுதிவிடும் சங்கங்கள் உண்டு.