நடுவில் சென்னை, இருபுறமும் நகரும் கடிகாரம்

மகன் லண்டனில், மகள் சிட்னியில், பெற்றோர் சென்னையில் என்று இருக்கும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்புக்கு நேரம் குறிப்பது ஒரு கணக்கு. ஜனவரியில் சென்னையில் பிற்பகல் 1.30-க்கு அழைத்தால் லண்டனில் காலை 8, சிட்னியில் இரவு 7. ஜூலையிலும் அதே 1.30-க்கே அழைத்துப் பாருங்கள். லண்டனில் காலை 9 ஆகியிருக்கும். சிட்னியில் மாலை 6-தான். சென்னைக் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே 11 மணி நேரமாக இருந்த இடைவெளி 9 ஆகிவிட்டது.

ஒவ்வொரு நகரமும் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம்தான் மாற்றுகிறது. பிறகு இரண்டு மணி நேரம் எப்படிக் குறைந்தது?

பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் ஜூனில் வட பாதி சூரியனை நோக்கிச் சாய்கிறது, டிசம்பரில் தென் பாதி. சென்னையில் இதன் விளைவு சிறியது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்தைக்கூட எட்டாது. கடிகாரத்தை மாற்றாமல் விட்டால் ஜூனில் அங்கே விடியற்காலை 3.45 வாக்கிலேயே சூரியன் உதித்துவிடும். ஊரே தூங்கும்போது வீணாகும் அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தை மாலைக்கு நகர்த்துவதற்காகத்தான் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள். பிரிட்டன் இதை 1916-இல், முதல் உலகப் போரின்போது தொடங்கியது.

சிட்னியின் நோக்கமும் அதுவே. ஆனால் அங்கே கோடை வருவது டிசம்பரில். ஆகவே லண்டன் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ள, சிட்னி ஏப்ரல் முதல் ஞாயிறன்று கோடை முடிந்து பின்னே இழுக்கிறது. அக்டோபரில் இது தலைகீழாக நடக்கும்.

ஒன்று முன்னே, மற்றது பின்னே என்றால் கழிந்து சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சிட்னி ஏற்கெனவே லண்டனுக்கு முன்னால் ஓடுகிறது. முன்னால் ஓடுபவர் ஓரடி பின்வாங்கி, பின்னால் வருபவர் ஓரடி முன்வைத்தால் இருவருக்கும் நடுவே இரண்டடி குறையும் அல்லவா? இரு நகரங்களும் ஒரே திசையில், ஒரே நாளில் நகர்ந்திருந்தால்தான் இடைவெளி மாறாமல் இருந்திருக்கும்.

இரண்டு தேதிகளும் ஒன்றாக வராததால் இடையில் ஒரு மூன்றாவது கணக்கும் உண்டு. 2026-இல் லண்டன் மாறுவது மார்ச் 29, சிட்னி மாறுவது ஏப்ரல் 5. அந்த ஒரு வாரம் இடைவெளி 10 மணி நேரம். அக்டோபரில் சிட்னி 4-ஆம் தேதியே மாறிவிடுகிறது, லண்டன் 25 வரை காத்திருக்கிறது. மூன்று வாரங்களுக்கு மறுபடியும் 10.

சிக்கல் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் வரும். லண்டன் நேரம் காலை 8-க்கு வாராந்திர இணைய வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். சிட்னி மாணவருக்கு அது மார்ச் நடுவில் இரவு 7, மார்ச் 29-க்குப் பின் மாலை 6, ஏப்ரல் 5-க்குப் பின் மாலை 5. வேலையிலிருந்து வீடு திரும்புவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். நேரத்தைச் சென்னையை வைத்துக் குறித்தால் அந்த இரண்டு மணி நேரம் ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிடும். சென்னை இருவருக்கும் சரியாக நடுவில் இருப்பதே காரணம்: ஜனவரியில் இருபுறமும் ஐந்தரை மணி நேரம், ஜூலையில் இருபுறமும் நாலரை.

ஆஸ்திரேலியா என்றாலே இந்தக் கணக்கு என்றும் முடிவுகட்ட முடியாது. பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலம் 1992-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, கோடை நேரம் வேண்டாம் என்று தீர்மானித்தது. அதனால் லண்டனோடு அதன் இடைவெளி 10-க்கும் 9-க்கும் இடையில் மட்டுமே மாறும். மகள் சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்கு வீடு மாற்றினால் சென்னையோடு ஆண்டு முழுவதும் ஒரே நாலரை மணி நேரம்தான்.

ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கும் நகரங்களும் தப்புவதில்லை. நியூயார்க்கும் சிலியின் சாண்டியாகோவும் ஜூலையில் ஒரே மணி காட்டும். ஜனவரியில் சாண்டியாகோ இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடும்.

கைப்பேசி நாட்காட்டியில் இத்தகைய அழைப்பைப் பதியும்போது "11 மணி நேர வித்தியாசம்" என்று நீங்களே கூட்டிப் போடாதீர்கள். யாருடைய நேரம் மாறாமல் இருக்க வேண்டுமோ அந்த நகரத்தை நேர மண்டலமாகத் தேர்ந்தெடுங்கள். லண்டன் என்றால் `Europe/London`, சிட்னி என்றால் `Australia/Sydney`. மாற்றம் வரும் தேதிகளை நாட்காட்டியே பார்த்துக்கொள்ளும்.