ஒரு தேங்காயும் ஒரு எல்.டி.எல். கணக்கும்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல். 150-ஐத் தாண்டியிருந்தால், அன்று மாலையே வீட்டில் பேச்சு எண்ணெய்க்குப் போய்விடுகிறது. ஆலிவ் எண்ணெய் வாங்கலாமா, ஓட்ஸுக்கு மாறலாமா, தேங்காயை அடியோடு விட்டுவிடலாமா என்று ஆளுக்கொரு யோசனை வரும். இதற்கு விடை சொல்லக்கூடிய ஆய்வுகள் நிறையவே நடந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு உணவுமுறைகள் உலகெங்கும் பேசப்படுகின்றன. ஒன்று அமெரிக்காவின் டேஷ். மற்றது ஆலிவ் எண்ணெயும் காய்கறியும் பயறும் நிறைந்த மத்தியதரைக் கடல் உணவு. அந்த ஆய்வுகளை நம் அடுப்படியில் வைத்துப் பார்த்தால் எதை மாற்ற வேண்டும் என்பது தெளிவாகவே தெரிகிறது.

டேஷ் உணவுமுறை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்டது. 1997-இல் வெளியான அந்த ஆய்வில் 459 பேர் பங்கேற்றார்கள். அவர்கள் சாப்பிட்டதெல்லாம் ஆய்வுக் கூடத்தின் சமையலறையில் அளந்து சமைத்துக் கொடுக்கப்பட்டது. யாருடைய எடையும் கூடவோ குறையவோ விடவில்லை. காய்கறி, பழம், முழுதானியம், கொழுப்பு நீக்கிய பால், கொஞ்சம் கொட்டைகள், குறைந்த இறைச்சி என்பதுதான் தட்டின் அமைப்பு. இதே ஆய்வில் கொலஸ்டிராலையும் அளந்து பார்த்தபோது, வழக்கமான அமெரிக்க உணவோடு ஒப்பிட எல்.டி.எல். டெசிலிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்.லும் 4 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தது. ட்ரைகிளிசரைடு அசையவில்லை. இந்தப் பின்குறிப்பு நமக்கு மிகவும் முக்கியமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆலிவ் எண்ணெயின் புகழுக்குப் பெரிய காரணம் ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் இலவசமாகப் போனது. அவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. 2013-இல் வெளியான கட்டுரை, ஆட்களைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டு, திருத்திய கணக்கோடு 2018-இல் மீண்டும் வெளியானது. முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் இந்த நன்மை எல்.டி.எல். குறைந்ததால் வந்ததாகத் தெரியவில்லை. பிரான்சின் லியோன் நகரில் இதற்கு முன்பு நடந்த ஆய்விலும் அப்படித்தான்: இதயநோய் குறைந்தது, ஆனால் கொலஸ்டிரால் எண்கள் இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அந்த உணவு வேறு வழிகளில் ரத்தக்குழாய்க்கு நல்லது செய்திருக்கலாம். ஆகவே சீட்டில் உள்ள எல்.டி.எல். எண்ணை இறக்குவதற்காக மட்டும் ஆலிவ் எண்ணெய் வாங்குகிறவர் அதனிடம் கொஞ்சம் அதிகமாக எதிர்பார்க்கிறார்.

அப்படியானால் எல்.டி.எல்.லை இறக்குவது எது? கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதற்காக அதன் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. நெய், பாலாடை, தேங்காய், பாமாயில் போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகும்போது இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை குறைகிறது. துகள்கள் ரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. அந்தக் கொழுப்பைக் குறைத்து, அதே இடத்தில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் ஏற்பிகள் மீள்கின்றன. இரண்டாவது வழி கரையும் நார்ச்சத்து. பயறு, ஓட்ஸ், பார்லி ஆகியவற்றில் உள்ள இந்த நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தம் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்டிரால் தேவைப்படுவதால், அது ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுக்கிறது. டேஷ் செய்ததும் இந்த இரண்டையும்தான்.

இதை ஒரு வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் உள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இட்லிக்குச் சட்னி, மதியம் குழம்பு, பொரியல் என நாளுக்கு ஒரு தேங்காய் செலவாகிறது. தாளிக்கவும் பொரிக்கவும் ரேஷன் பாமாயில். பால் ஆரஞ்சு பாக்கெட், அதாவது 6 சதவீதம் கொழுப்புள்ளது. குடும்பத் தலைவருக்கு ஐம்பது வயது, நாளுக்கு 1,800 கலோரி சாப்பிடுகிறார். அவருடைய மொத்த கொலஸ்டிரால் 232, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 190. பல பரிசோதனைக் கூடங்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளக்காமல் கணக்கிடுவார்கள்: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 232-இலிருந்து 38-ஐயும் இன்னொரு 38-ஐயும் கழித்தால் 156.

இவர் பங்குக்கு வரும் தேங்காய்த் துருவல் சுமார் 50 கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு 15 கிராம் இருக்கும். காபி, தயிர், மோர் எல்லாம் சேர்த்து 300 மில்லி பாலில் 11 கிராம். 25 கிராம் பாமாயிலில் 11 கிராம். ஒரு தேக்கரண்டி நெய்யில் 3 கிராம். கூட்டினால் 40 கிராம், அதாவது அவர் சாப்பிடும் கலோரியில் ஐந்தில் ஒரு பங்கு. டேஷ் உணவில் இது 6 முதல் 7 சதவீதம்தான். இறைச்சியே தொடாத வீட்டிலும் எல்.டி.எல். ஏறுவது எப்படி என்று வியப்பவர்களுக்கு விடை இந்தக் கூட்டலில் இருக்கிறது.

இப்போது பாமாயிலுக்குப் பதிலாக அதே அளவு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வைப்போம். 11 கிராம் 4 ஆகிறது. பாலை 3 சதவீதக் கொழுப்புள்ள நீல பாக்கெட்டுக்கு மாற்றினால் 11 என்பது 6 ஆகும். சட்னியைப் பெரும்பாலும் தக்காளி, புதினா, வேர்க்கடலை என்று அரைத்து, தேங்காயைத் தலைக்கு 20 கிராமாக்கினால் 15 என்பது 6. நெய் அப்படியே இருக்கட்டும். மொத்தம் 40 கிராம் 19 ஆகிவிட்டது. இன்னும் டேஷ் அளவுக்கு வரவில்லை. ஆனாலும் 21 கிராம் குறைந்திருக்கிறது. 1,800 கலோரி சாப்பிடுகிறவருக்கு, 2 கிராம் நிறைவுற்ற கொழுப்பை நிறைவுறாக் கொழுப்பால் மாற்றினால் எல்.டி.எல். சராசரியாக 2 மில்லிகிராம் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இறங்கும். அந்தக் கணக்கில் இவருக்கு 15-க்கு மேல் குறையலாம். இதோடு தினமும் ஒரு கிண்ணம், அதாவது வெந்த நிலையில் 130 கிராம், கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டலாகச் சாப்பிட்டால் இன்னும் 5 சதவீதம் குறையும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 156 என்பது 130-களுக்கு வருகிறது. டேஷ் ஆய்வில் கிடைத்ததைவிட இது குறைவில்லை. ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டும் சேரவில்லை.

ஏனென்றால் நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 14 சதவீதம், ஆலிவ் எண்ணெயிலும் அவ்வளவே. கடலை எண்ணெயில் சற்றுக் கூடுதல். தேங்காய் எண்ணெயில் அது 90 சதவீதத்தை ஒட்டியது. தேங்காய் எண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளை 2020-இல் தொகுத்தபோது, அது எல்.டி.எல்.லைச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துவது தெரிந்தது. ஆலிவ் எண்ணெய் பிடித்திருந்து, வாங்கவும் முடிந்தால், எக்ஸ்ட்ரா வர்ஜின் என்று அச்சிட்டதை வாங்குங்கள். பாமேஸ் என்று எழுதியிருப்பது பிழிந்த சக்கையிலிருந்து ரசாயனம் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. ஆலிவின் சிறப்புச் சத்துகள் அதில் பெரும்பாலும் போய்விடும். பழைய சமையலின் மேல் கூடுதலாக ஆலிவ் எண்ணெயை ஊற்றினால் கலோரிதான் ஏறும்.

இப்போது அந்தப் பின்குறிப்பு. தேங்காயையும் பாலையும் குறைத்தவருக்குப் பசிக்கும். ஏறக்குறைய 180 கலோரி குறைந்திருக்கிறதே. அந்த இடத்தை இன்னொரு கரண்டி சோற்றாலோ இரண்டு இட்லியாலோ நிரப்பிக்கொண்டால் எல்.டி.எல். குறையும், ஆனால் ட்ரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இன்னும் இறங்கும். நம் மக்களுக்கு ஏற்கெனவே எச்.டி.எல். குறைவும் ட்ரைகிளிசரைடு கூடுதலும் பரவலாக இருக்கின்றன. நாம் உண்ணும் கலோரியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. 2005-இல் அமெரிக்காவில் 164 பேரிடம் நடந்த ஆம்னிஹார்ட் ஆய்வு இதைச் சோதித்தது. டேஷ் போன்ற உணவில் மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, ஒரு கட்டத்தில் புரதத்தையும், இன்னொரு கட்டத்தில் ஆலிவ் எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்பையும் வைத்தார்கள். எல்.டி.எல். எல்லா வகையிலும் இறங்கியது. ட்ரைகிளிசரைடு மட்டும் மாவுச்சத்து மிகுந்த உணவில் இறங்கவே இல்லை; மற்ற இரண்டிலும் இறங்கியது. ஆகவே நம் வீட்டில் டேஷ் என்றால் சோற்றில் ஒரு கரண்டி குறைவதும், சுண்டலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் அந்த இடத்துக்கு வருவதும் சேர்ந்ததுதான். எனக்கு இந்த ஒரு மாற்றம் எண்ணெய் மாற்றத்துக்குச் சமமாகவே படுகிறது.

மாற்றங்களைத் தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து அதே பரிசோதனைக் கூடத்தில் மீண்டும் பாருங்கள். ஐந்தாறு மில்லிகிராம் வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் அவ்வளவு மாறும். எல்.டி.எல். இறங்கி ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தால் சோறும் இனிப்பும்தான் காரணமாக இருக்கும். ஒழுங்காகச் செய்தும் எதுவுமே அசையவில்லை என்றால் தைராய்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது குறைவாகச் சுரந்தால் எல்.டி.எல். ஏறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பழமும் பயறும் மிகுந்த டேஷ் உணவைத் தாமாகத் தொடங்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

எல்.டி.எல். 190-க்கு மேல் இருப்பவர்களுக்கும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்களுக்கும், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கும் உணவு மட்டும் போதாது. சாதாரண வீட்டுச் சமையலில் 10 முதல் 15 சதவீதம் குறைந்தாலே நல்ல பலன். ஸ்டாட்டின் மாத்திரை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கிறது. நல்லெண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்று அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை அடுத்த பரிசோதனைச் சீட்டோடு போய் மருத்துவரிடம் கேளுங்கள்.