வீட்டுக்கென்று வைத்த 12 இலட்சம்

எல்கடுவப் பக்கத் தோட்டமொன்றில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தம்பதி என்று வைத்துக்கொள்வோம். இருவரின் சேமலாப நிதியும் சேர்ந்து 12 இலட்சம் ரூபாய் வந்திருக்கிறது. மகளின் கல்யாணம் எட்டு மாதத்தில். அதற்கு 2 இலட்சம். அடுத்த வருடக் கடைசியில் வீட்டுக்குக் கூரை போட 6 இலட்சம். மகனின் தொழிற்படிப்புக்கு இன்னும் இரண்டரை வருடத்தில் 4 இலட்சம். கொழும்பில் வேலைசெய்யும் தங்கச்சி மகன் லீவில் வந்தவன் சொல்கிறான்: "பேங்க்ல போட்டா நூத்துக்கு எட்டுதான் பெரியம்மா. ஷேர்ல 2024ல பாத்தீங்களா?"

அவன் பொய் சொல்லவில்லை. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 50 வீதம் ஏறியது. ஆனால் அவன் சொல்வது சந்தையின் கணக்கு. பெரியம்மாவிடம் இருப்பது திகதிகளின் கணக்கு. சந்தைக்குக் கல்யாணத் திகதி தெரியாது.

2022 ஜனவரியில் அதே சுட்டெண் 13,400ஐத் தாண்டி நின்றது. கைபேசியிலேயே கணக்குத் திறக்க முடிந்த காலம் அது. முதன்முறையாகப் பங்கு வாங்கியவர்கள் நிறையப் பேர். அந்த உச்சத்தில் ஒருவர், சந்தை முழுவதையும் ஒத்த ஒரு பங்குத் தொகுதியில் 10 இலட்சம் போட்டார் என்று எடுப்போம். ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் சந்தை ஒரு வாரம் மூடப்பட்டது. ஏப்ரல் 25இல் திறந்த அன்றே விலைகள் சரிய, வியாபாரம் மறுபடி நிறுத்தப்பட்டது. விற்று எடுக்கலாம் என்று நினைத்தவருக்கு விற்பதற்கே வழியில்லை. 2020இல் கொவிட் வந்தபோதும் மார்ச் 20 முதல் மே 11 வரை சந்தை மூடித்தான் கிடந்தது. பங்கை எப்போது வேண்டுமானாலும் காசாக்கலாம் என்று தரகர்கள் சொல்லும்போது இந்த இரண்டு மூடல்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 10 இலட்சம் 2022 முடிவில் சுமார் 6 இலட்சத்து 30 ஆயிரம். 2023 முடிவில் 7 இலட்சத்து 90 ஆயிரம். 2024 டிசம்பரில்தான் சுட்டெண் பழைய உச்சத்தைத் தாண்டி 15,900க்கு மேல் போனது. காத்திருந்தவர் தப்பினார், 2023 டிசம்பரில் கூரை போட வேண்டியவர் காத்திருக்க முடியாமல் இரண்டு இலட்சத்துக்கு மேல் இழந்து விற்றிருப்பார். வாங்கும்போதும் விற்கும்போதும் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடப் போகும் தரகுக் கட்டணம் வேறு. மூன்று வருடத்தில் மீண்டதும் அந்தத் தடவையின் அதிர்ஷ்டம்தான். 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்ட சுட்டெண் அந்த இடத்தைத் தாண்டியது 2021 ஜனவரியில், பத்து வருடம் கழித்து. பங்கிலாபம் கிடைத்திருக்கும், உண்மைதான். அதை வைத்துக் கூரை போட முடியாது.

சரி, வங்கியில் போட்டவர் ஜெயித்தாரா? அதுவும் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். எந்த நிலையான வைப்பும் அந்த வேகத்துக்கு ஓடவில்லை. ஆனாலும் மூன்று மாத வைப்பாகப் போட்டு மாற்றி மாற்றி வைத்தவர், ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி உயர்த்தியபின், அந்த வருட நடுப்பகுதியிலேயே நூற்றுக்கு 20க்கு மேல் வட்டி பார்த்தார். பணத்தின் மதிப்புக் குறைந்தது. எண்ணிக்கை குறையவில்லை, திகதியும் தவறவில்லை. விலை ஏற்றத்துக்குப் பயந்தால் கம்பியையும் கூரைத் தகட்டையும் முன்கூட்டி வாங்கி வைக்கலாம். சீமெந்தை மட்டும் வேண்டாம். நம் மலைப்பக்க ஈரத்தில் மூன்று மாதத்தில் கட்டி பிடித்துவிடும்.

இனி அந்த 12 இலட்சம். எங்கே போடுவது என்பதைவிட, அது யாருடைய பொறுப்பில் இருக்கும் என்பதே முதல் கேள்வி. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ மூடப்பட்டால், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் வைப்புக் காப்புறுதி உண்டு. அதற்கு மேலுள்ளது கலைப்பு நடவடிக்கையின் இழுபறிக்குள் போகும். 2020 மே மாதம் தி ஃபினான்ஸ் கம்பனியின் உரிமம் இரத்தானபோது எல்லை 6 இலட்சமாக இருந்தது. எண்பது வருடப் பழைய பெயர் என்று நம்பி அதற்கு மேல் வைத்தவர்கள் அன்று உணர்ந்தார்கள், கம்பனியின் வயது காப்புறுதி ஆகாது என்று. நூற்றுக்கு இரண்டு மூன்று கூடுதலாக ஒரு நிதிக் கம்பனி தருகிறது என்றால், அந்தக் கூடுதல் உங்கள் அபாயத்துக்கான கூலி. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் இருக்கிறது. தபாலகத்திலும் அதன் சேமிப்புக் கணக்கை நடத்தலாம். கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் வருவதில்லை, அதனால் இந்தக் காப்புறுதியும் அங்கே இல்லை. ஊர்ச் சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கல்யாணத்துக்கான 2 இலட்சம் ஆறு மாத வைப்பில், பிறகு சேமிப்புக் கணக்கில். கூரைக்கான 6 இலட்சத்தை ஒரே பத்திரமாகப் போடாமல், 2 இலட்சம் வீதம் மூன்றாகப் போட வேண்டும். அவசரத்துக்கு ஒன்றை இடையில் உடைத்தால், சொன்ன வட்டி கிடைக்காது, குறைந்த வட்டியில் மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். மூன்றாக இருந்தால் அந்த நட்டம் ஒன்றுக்கு மட்டும்தான்.

மகனின் 4 இலட்சத்துக்குத் திறைசேரி உண்டியலைப் பார்க்கலாம். 91, 182, 364 நாள் என மூன்று வகை. 364 நாள் உண்டியலை எட்டு வீதத்தில் வாங்கினால் இன்று சுமார் 92,600 ரூபாய் கொடுத்து, முடிவில் ஒரு இலட்சம் வாங்குவீர்கள். வங்கி வழியாகவோ முதனிலை வணிகர் வழியாகவோ வாங்கலாம். கையில் பத்திரம் வராது, மத்திய வங்கியின் லங்கா செக்யூர் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும். ஏறியதா என்று அறிக்கை கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை, அதை விட்டுவிடாதீர்கள். இரண்டு வருடத் திறைசேரி முறியில் வட்டி சற்றுக் கூடலாம். ஆனால் இடையில் விற்க நேர்ந்தால் விலை இறங்கியிருக்கவும் கூடும். அதனால் முறி முடியும் நாள் படிப்புக் கட்டணம் கட்டும் நாளுக்கு முன்னதாக இருக்க வேண்டும்.

வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரி பிடிப்பார்கள். வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர், வரி இலக்கத்துடன் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் வைப்பு வட்டியில் அதைப் பிடிக்கமாட்டார்கள். வங்கியில் தானாகச் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும்.

யாராவது மாதத்துக்கே நூற்றுக்குப் பத்து என்று வீட்டுக்கு வந்தால், பணம் கொடுக்குமுன் மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1935 இலக்கத்தில் கேட்கலாம். மாத்தளை நகரிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, பஸ் ஏறிப் போய் நேரிலும் கேட்கலாம். வங்கி பற்றிய முறைப்பாட்டை முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன இடம். வைப்புப் படிவத்தில் முதிர்வின்போது என்ன செய்வது என்று ஒரு பெட்டி இருக்கும். பெரும்பாலும் அதில் புதுப்பித்தல் என்று அவர்களே அடையாளம் போட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் கூரைக்கு வைத்த பணம் கேட்காமலே இன்னொரு வருடத்துக்குப் பூட்டப்படும். கையெழுத்துப் போடுமுன் அதை வெட்டி, சேமிப்புக் கணக்குக்கு மாற்றவும் என்று எழுதச் சொல்லுங்கள்.