நானூறு வரி அட்டவணையை வாசிப்பது எப்படி?

“கோயிலுக்குரிய நெல்லை அளந்து கொடுக்கும் பொறுப்பு ஊர்ச் சபையாரிடம் தஞ்சைப் பெரிய கோயில் நாற்பத்தேழு ஒப்படைக்கப்பட்டது.”

ஸ்கேன் செய்த நூலை அப்படியே எழுத்தாக்கிக் கணினிக் குரலிடம் கொடுத்தால் இப்படித்தான் காதில் விழும். அச்சில் அந்த வாக்கியம் 46ஆம் பக்கத்தின் அடியில் தொடங்கி, 47ஆம் பக்கத்தின் மேலே முடிகிறது. நடுவில் இருப்பவை நூலின் பெயரும் பக்க எண்ணும். கண் அவற்றைத் தாண்டிக்கொண்டு போய்விடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. எதைக் காதில் விழவிடுவது, எதைத் தவிர்ப்பது, எதை இடம் மாற்றுவது என்று ஒலிநூல் தயாரிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். பதிவு தொடங்கும் முன்பே அந்த முடிவுகளை எடுத்துவிட வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி 1930களில் அச்சான ஒரு நூலை ஒலிநூலாக்குவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு, நடுநடுவே கல்வெட்டுப் பட்டியல் என்று இருக்கும் நூல் அது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் பதிப்புரிமைத் தடை இல்லை. கடக்கவில்லை என்றாலும், அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக மட்டும் மாற்று வடிவில் தயாரிக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

வாசிப்பவர் மனிதராகவே இருந்தாலும், ஸ்கேனைப் பார்த்து நேரடியாகப் பதிவு செய்வது சரிப்படாது. அப்படிச் செய்தால் ஒரு பக்கத்தில் அடிக்குறிப்பைப் படிப்பார், அடுத்த பக்கத்தில் விட்டுவிடுவார். அதனால் முதலில் எழுத்துவடிவப் பிரதி ஒன்று தேவை. பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் 300 புள்ளி அடர்த்தியில் படமாகப் பிரித்து, டெஸராக்ட் என்ற இலவச மென்பொருளிடம் கொடுக்கலாம்.

```
pdftoppm -r 300 -gray -png kovil.pdf pakkam
tesseract pakkam-047.png pakkam-047 -l tam
```

இதிலிருந்து வரும் எழுத்தை நம்பி உடனே வாசிக்க உட்கார்ந்துவிடக் கூடாது. பழைய அச்சில் துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் வடிவ வேறுபாடு அநேகமாக இருக்காது; மென்பொருள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும். தமிழ் எண்களில் சிக்கல் இன்னும் பெரியது. ௧ என்ற ஒன்று ‘க’ போலவே இருக்கும், ௨ என்ற இரண்டு ‘உ’ போல, ௭ என்ற ஏழு ‘எ’ போல. அடிக்குறிப்புக்கு ௧, ௨ என்று எண் போட்ட நூலில், சொல்லின் வாலில் ஒரு ‘க’ ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கணினிக் குரல் தயங்காமல் அதையும் சேர்த்து உச்சரிக்கும். தனித்து நிற்கும் ஓரெழுத்துகளையும் பொருளில்லாமல் முடியும் சொற்களையும் தேடிப் பார்த்தால் இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலானவை அகப்படும். மிச்சத்தைப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் திருத்த முடியும்.

பக்க எண் வாக்கியத்தின் நடுவே கேட்கக் கூடாது என்பதால் அதை அழித்துவிடத் தோன்றும். அழிக்க வேண்டாம். பக்கம் மாறும் இடத்தில் `[p47]` என்று ஓர் அடையாளமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயன் உங்களுக்கே கிடைக்கும். அடையாளங்களை வரிசையாக எடுத்துப் பார்க்கும்போது 46, 47, 49 என்று வந்தால் 48ஆம் பக்கம் ஸ்கேனில் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி விடுபட்டதை வாசிக்கும்போது கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் பல சமயம் வாக்கியம் தற்செயலாகப் பொருந்திப் போய்விடும்.

இரண்டாவது பயன் கேட்பவருக்கு. பொழுதுபோக்காகக் கேட்பவருக்குப் பக்க எண் வெறும் தொந்தரவு. ஆனால் பார்வையற்ற மாணவி ஒருத்தி வகுப்பில் இருக்கும்போது ஆசிரியர் “47ஆம் பக்கத்தை எடுங்கள்” என்கிறார். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டினால் பக்க எண் எழுதியாக வேண்டும். எண் இல்லாத ஒலிநூலை வைத்து அவள் என்ன செய்வாள்? பார்வையற்றோருக்கான நூல்களில் பரவலாகப் பயன்படும் டெய்சி என்ற வடிவம் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறது. அதில் பக்க எண்ணைத் தனித் துண்டாகப் பதிவு செய்து, உரிய இடத்தில் இணைத்துவிடுவார்கள். வேண்டாதவர் அதை அணைத்துவிடலாம். வேண்டியவர் எண்ணைத் தட்டி நேரே அந்தப் பக்கத்துக்குப் போகலாம். அடிக்குறிப்பையும் இதேபோல அணைக்கவும் திறக்கவும் முடியும். சாதாரண எம்பி3 கோப்பில் இந்த வசதி இல்லை. அதில் நான் சொல்லும் சமரசம் இது: பக்க எண்ணை வாசிக்க வேண்டாம், ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் “அச்சு நூலில் 41 முதல் 58ஆம் பக்கம் வரை” என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.

அடிக்குறிப்பு அவ்வளவு எளிதில் தீராது, ஏனென்றால் எல்லா அடிக்குறிப்பும் ஒரே வேலையைச் செய்வதில்லை. நம் நூலில், “இந்தப் படிமத்தை ராஜராஜனின் தமக்கை குந்தவை எடுப்பித்தார்” என்ற வாக்கியத்தில் குந்தவையின் பெயருக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது என்போம். அடியில், “வல்லவரையர் வந்தியதேவரின் தேவி” என்று குறிப்பு. பெயரைக் கேட்டவருக்கு இது அப்போதே தேவைப்படும் செய்தி. ஆனால் பெயரின் பக்கத்திலேயே குறிப்பை நுழைத்துவிடக் கூடாது. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. குந்தவை என்ன செய்தார் என்று தெரியும் முன்பே வாக்கியத்தை உடைத்தால், கேட்பவர் தொடக்கத்தை மனத்தில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். குறிப்பு நீளமாக இருந்தால் அது நழுவிவிடும். எனவே வாக்கியத்தை முடித்துவிட்டு, “அடிக்குறிப்பு: குந்தவை, வல்லவரையர் வந்தியதேவரின் தேவி. குறிப்பு முடிந்தது” என்று வாசிக்க வேண்டும். முடிவைச் சொல்லாமல் விட்டால், அடுத்த வாக்கியமும் குறிப்பின் பகுதிதானோ என்ற ஐயம் வரும்.

இரண்டாம் வகை, ஆதாரம் மட்டும் காட்டும் குறிப்பு: “தெ. இ. க., தொ. 2, எண் 66”. கதையோட்டத்தில் இதை வாசிப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆனால் விட்டுவிட்டால் ஆய்வாளருக்கு இழப்பு. அத்தியாயம் முடிந்த பிறகு இத்தகைய குறிப்புகளை எல்லாம் சேர்த்துத் தனிக் கோப்பாக வாசிக்கலாம், சுருக்கத்தை விரித்து: “47ஆம் பக்கம், முதல் குறிப்பு: தென்னிந்தியக் கல்வெட்டுகள், இரண்டாம் தொகுதி, 66ஆம் எண்.” மூன்றாம் வகையில் ஆசிரியர் அடிக்குறிப்பிலேயே இன்னொரு அறிஞருடன் வாதம் செய்வார், அரைப் பக்கம் போகும். அதைப் பத்தியின் முடிவில், தொடக்கமும் முடிவும் அறிவித்து முழுமையாக வாசிப்பதுதான் சரி. நல்ல ஆசிரியர்கள் தங்கள் கூர்மையான கருத்தை அடிக்குறிப்பில் வைத்துவிட்டுப் போவது உண்டு.

இனி அட்டவணை. சிறியதாக இருந்தால் வாக்கியமாக்கிவிடலாம். முகத்தலளவை வாய்பாடு அச்சில் கட்டம் கட்டி இருக்கும். “எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம்” என்று வாசித்தால் அட்டவணை இருந்ததே தெரியாது.

மேலே சொன்ன 66ஆம் எண் கல்வெட்டு அப்படி அடங்காது. பெரிய கோயிலில் ஆடல் மகளிராக நியமிக்கப்பட்ட 400 பெண்களின் பெயரை ராஜராஜன் கல்லில் பொறிக்க வைத்த கல்வெட்டு அது. யார் எந்தத் தளிச்சேரியில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்ற விவரம் அதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு; ஆண்டுக்கு நூறு கலம் நெல். நூலாசிரியர் இதைத் தெரு, சிறகு, வீடு, பெயர், பங்கு என்று ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணையாகப் போட்டிருக்கிறார் என்று கொள்வோம். ஒரு வரியை முழுதாக வாசிக்க ஆறு விநாடி என்றாலும் 400 வரிக்கு 40 நிமிடம். அத்தியாயத்தின் நடுவே இதை வைத்தால் கேட்பவர் போய்விடுவார். பத்திவாரியாக மேலிருந்து கீழே வாசித்தாலோ இன்னும் மோசம்: முதலில் 400 வீட்டு எண், பிறகு 400 பெயர். எந்தப் பெயர் எந்த வீட்டுக்கு என்று யாராலும் சேர்த்துப் பார்க்க முடியாது.

மாறாததை ஒருமுறை மட்டும் சொல்வதுதான் வழி. பங்கு எல்லோருக்கும் ஒன்றே என்பதால் தொடக்கத்தில் சொல்லிவிட்டால் ஒரு பத்தி குறைந்துவிடும். தெருவும் சிறகும் பல வரிகளுக்கு ஒன்றாகவே இருப்பவை. அவற்றைத் தலைப்பாக அறிவித்துவிட்டு, அதன் கீழே வீட்டு எண்ணையும் பெயரையும் மட்டும் படித்தால் போதும். வரிக்கு மூன்று விநாடி. மொத்தம் 20 நிமிடம். இதைத் தனிக் கோப்பாக வைத்துவிட்டு, அத்தியாயத்தில், “இங்கே 400 பெயர் கொண்ட பட்டியல் இருக்கிறது, முழுப் பட்டியல் இந்த அத்தியாயத்தின் இரண்டாம் கோப்பில்” என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். பெயர்களைச் சுருக்கக் கூடாது. பலர் பெயர் ‘நக்கன்’ என்றே தொடங்கினாலும் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்ல வேண்டும். அது அவர்கள் பெயரின் பகுதி. ஆயிரம் ஆண்டுகள் கல்லில் நின்ற பெயர்களை நம் வசதிக்காகக் குறைக்க நமக்கு உரிமை இல்லை.

பழைய அட்டவணைகளில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. மேல் வரியில் இருப்பதே கீழேயும் வந்தால் ௸ என்ற குறியைப் போட்டிருப்பார்கள். ‘மேற்படி’ என்று வாசித்தால் கண்ணுக்குச் சரி; காதால் மேல் வரியைத் திரும்பிப் பார்க்க முடியாது. அங்கே உண்மையான சொல்லையே வாசிக்க வேண்டும். திருப்பணிக் கணக்கில் “ரூ. 3-8-0” என்று இருந்தால் அது “மூன்று ரூபாய் எட்டு அணா”, கணினிக் குரல் இதை மூன்று தனி எண்களாகச் சொல்லக்கூடும்.

கோப்புகளை அத்தியாயப்படி பிரியுங்கள், பக்கப்படி வேண்டாம். ஓர் அத்தியாயம் 40 நிமிடத்தைத் தாண்டினால் உள்தலைப்பு வரும் இடத்தில் இரண்டாக்குங்கள். நீங்கள் எடுத்த முடிவுகளை முதல் கோப்பின் தொடக்கத்தில் அறிவித்துவிடுங்கள்: பக்க எண் எங்கே கிடைக்கும், எந்த அடிக்குறிப்பு எங்கே வாசிக்கப்படும், பட்டியல்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று. பிறகு முதல் அத்தியாயத்தை மட்டும் முடித்து, அச்சு நூலைப் பார்த்திராத ஒருவரிடம் கேட்கக் கொடுங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்திப் பின்னால் போய் மறுபடி கேட்டார் என்று விசாரித்துத் திருத்திய பிறகே இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.