மியூடெக்ஸும் தலைகீழாகும் முன்னுரிமையும்

நிகழ்நேர அமைப்பு என்பது, விடை சரியாக இருந்தாலும் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் தவறு என்று கருதப்படும் கணினி அமைப்பு. வாகனத்தின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் சில்லு, விண்கலத்தின் கணினி ஆகியவை இந்த வகை. இவற்றில் பெரும்பாலும் ஒரே செயலிதான் இருக்கும். அதில் பல பணிகள் மாறி மாறி ஓடும். ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. ஓடத் தயாராக இருக்கும் பணிகளில் எதன் முன்னுரிமை உயர்ந்ததோ, அதற்கே செயலி கிடைக்கும். தாழ்ந்த பணி ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் உயர்ந்த பணி விழித்தால், தாழ்ந்தது அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டு உயர்ந்தது ஓடத் தொடங்கும். அவசரமான வேலை உரிய நேரத்தில் முடியும் என்ற உறுதி இந்த விதியிலிருந்துதான் வருகிறது.

இரண்டு பணிகள் ஒரே தரவைத் தொடும்போது வேறொரு விதியும் தேவைப்படுகிறது. ஒரு பணி தரவைப் பாதி மாற்றியிருக்கும்போது இன்னொன்று அதைப் படித்தால், அதற்குக் கிடைப்பது பழையதும் புதியதும் கலந்த குழப்பம். இதைத் தடுக்கும் பூட்டுதான் மியூடெக்ஸ். ஓர் அறைக்கு ஒரே ஒரு சாவி இருப்பதைப் போன்றது அது. சாவியை எடுத்த பணி உள்ளே போய் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்கும்வரை, மற்றவை எவ்வளவு உயர்ந்த முன்னுரிமை உடையவை என்றாலும் காத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு விதிகளும் தனித்தனியே சரியானவை. இரண்டும் சேரும்போது, உயர்ந்த பணி தன்னைவிடத் தாழ்ந்த, தன் தரவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பணிக்காகக் காத்திருக்கும் நிலை உருவாகலாம். இதுவே முன்னுரிமைத் தலைகீழாக்கம். பொறியாளர்கள் பேச்சில் இது பிரயாரிட்டி இன்வர்ஷன்.

மூன்று பணிகள், ஒரு பூட்டு

இந்த நிலை உருவாக மூன்று பணிகள் வேண்டும். ஒரு கற்பனை அமைப்பில் ‘உயர்’, ‘இடை’, ‘தாழ்’ என்று மூன்று பணிகள் இருப்பதாகக் கொள்ளலாம். உயர், தாழ் இரண்டும் ஒரே மியூடெக்ஸைப் பயன்படுத்துகின்றன. இடை அதைத் தொடுவதே இல்லை. தாழ் பணிக்குப் பூட்டு 3 மில்லிவினாடி தேவை. உயர் பணியின் வேலை 2 மில்லிவினாடி. அது விழித்த 10 மில்லிவினாடிக்குள் முடிந்தாக வேண்டும். இடை பணி ஒருமுறை ஓட 20 மில்லிவினாடி ஆகும்.

நேரம் 0-இல் தாழ் பூட்டை எடுக்கிறது. நேரம் 1-இல் உயர் விழித்துச் செயலியைப் பெறுகிறது. உடனே அதற்குப் பூட்டு தேவைப்படுகிறது. பூட்டு தாழிடம் இருப்பதால் உயர் உறங்கப் போகிறது, தாழ் மீண்டும் ஓடுகிறது. இதுவரை தவறு எதுவும் இல்லை. தாழ் இன்னும் 2 மில்லிவினாடி ஓடினால் பூட்டு விடுபடும். அந்த அளவு காத்திருப்பு, பூட்டைப் பங்கிடுவதால் வரும் தவிர்க்க முடியாத செலவு.

நேரம் 2-இல் இடை விழிக்கிறது. தயாராக இருக்கும் பணிகள் இப்போது இடையும் தாழும்தான். இரண்டில் இடை உயர்ந்தது. ஆகவே பணி திட்டமிடும் நிரல் தாழை நிறுத்திவிட்டு இடையை ஓட்டுகிறது. இடை 22 வரை ஓடுகிறது. அதன் பிறகே தாழ் மீதமிருந்த 1 மில்லிவினாடி வேலையை முடித்து, 23-இல் பூட்டை விடுகிறது. உயர் 25-இல் முடிகிறது. அது முடிந்திருக்க வேண்டிய நேரம் 11.

இங்கே 14 மில்லிவினாடித் தாமதம் ஏற்பட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய கேடு, தாமதத்துக்கு மேல் எல்லையே இல்லாமல் போவது. இடை 20-க்குப் பதில் 200 மில்லிவினாடி ஓடினால், அல்லது இடைநிலைப் பணிகள் பல அடுத்தடுத்து விழித்தால், உயர் அத்தனை நேரமும் காத்திருக்கும். உயர் பணியின் நிரலையும் அதன் பூட்டையும் எவ்வளவு கவனமாக ஆராய்ந்தாலும் இந்தத் தாமதத்தைக் கணக்கிட முடியாது. ஏனென்றால் அது அந்தப் பூட்டுக்குச் சம்பந்தமில்லாத பணியிலிருந்து வருகிறது.

செவ்வாயில் நேர்ந்தது

1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் தரையிறங்கியது. வானிலைத் தரவு சேகரிக்கத் தொடங்கிய சில நாட்களில், அதன் கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ள ஆரம்பித்தது. சேகரித்திருந்த தரவு அழியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

கலத்தில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயக்குதளம். கருவிகளை இணைக்கும் தரவுப் பாதை வினாடிக்கு 8 முறை, அதாவது 125 மில்லிவினாடிக்கு ஒரு சுற்று இயங்கியது. `bc_sched` என்ற பணி அடுத்த சுற்றுக்குத் திட்டமிடும். `bc_dist` என்ற பணி வந்த தரவைப் பகிர்ந்து கொடுக்கும். இரண்டுமே மிக உயர்ந்த முன்னுரிமை உடையவை. `bc_sched` ஒவ்வொரு சுற்றிலும், `bc_dist` தன் வேலையை முடித்துவிட்டதா என்று பார்க்கும். முடிக்கவில்லை என்றால் அது பெரும் பிழை என்று கருதப்பட்டு, கணினி மறுதொடக்கம் ஆகும்.

மற்றப் பணிகளுக்குத் தரவு பொதுவான நினைவகம் வழியாகச் சென்றது. `ASI/MET` என்ற வானிலைப் பணிக்கு மட்டும் பைப் என்னும் தகவல் குழாய் வழியாகச் சென்றது. தரவு வருவதற்காகக் காத்திருக்க அந்தப் பணி `select()` என்ற செயற்கூற்றை அழைத்தது. அது உள்ளுக்குள் ஒரு மியூடெக்ஸைப் பயன்படுத்தியது. வானிலைப் பணியின் முன்னுரிமை தாழ்ந்தது. அது அந்தப் பூட்டைப் பிடித்திருந்த ஒரு நொடிப்பொழுதில், இடைநிலைப் பணிகள் விழித்து அதை நிறுத்திவிட்டன. அப்போது `bc_dist` புதிய வானிலைத் தரவைப் பைப்பில் எழுத முயன்று, அதே பூட்டில் சிக்கியது. இடைநிலைப் பணிகள் ஓடிக்கொண்டே இருந்தன. சுற்று முடிந்து `bc_sched` விழித்தபோது `bc_dist` இன்னும் காத்திருந்தது. கணினி மறுதொடக்கம் ஆயிற்று.

ஏவுவதற்கு முந்தைய சோதனைகளிலும் இது தலைகாட்டியது. ஆனால் தேடியபோது மீண்டும் நிகழவில்லை. தாழ்ந்த பணி பூட்டைப் பிடித்திருக்கும் மிகச் சிறிய இடைவெளிக்குள் மற்ற இரண்டும் சரியான வரிசையில் விழித்தால்தான் கோளாறு வெளிப்படும். செவ்வாயில் எதிர்பார்த்ததைவிட அதிகத் தரவு வந்து வேலை கூடியதால், அந்தச் சந்திப்பு அடிக்கடி நேர்ந்தது.

ஜெட் உந்துவிசை ஆய்வகப் பொறியாளர்கள், பூமியில் இருந்த அதே மாதிரிக் கணினியில் பணி மாற்றங்கள் அனைத்தையும் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டு, கோளாறு நிகழும்வரை ஓட்டினார்கள். எந்தப் பணி எந்தக் கணத்தில் ஓடியது, எது எந்தப் பூட்டுக்காக நின்றது என்பதைப் பதிவு வரிசையாகக் காட்டியது. இத்தகைய கோளாற்றை உறுதியாகக் கண்டுபிடிக்க நல்ல வழி இதுவே. உயர்ந்த பணி ஒரு பூட்டுக்காக நிற்கையில், பூட்டை வைத்திருக்கும் பணி ஓடாமல் மூன்றாவது பணி ஓடினால், அது தலைகீழாக்கம்.

மரபுரிமையாகும் முன்னுரிமை

தீர்வு ஒரே விதியில் அடங்கும். ஒரு பணி பூட்டைப் பிடித்திருக்கும்போது அதைவிட உயர்ந்த பணி அதே பூட்டுக்காகக் காத்திருந்தால், பிடித்திருக்கும் பணிக்கு அந்த உயர்ந்த முன்னுரிமை தற்காலிகமாகக் கிடைக்கும். பூட்டை விட்டதும் அது தன் பழைய நிலைக்கு இறங்கும். இதற்கு முன்னுரிமை மரபுரிமை என்று பெயர். லூய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகியோர் 1990-இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறையைக் கணித அடிப்படையோடு நிறுவியது.

மேற்கண்ட மூன்று பணிகளையே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். நேரம் 1-இல் உயர் பூட்டுக்காக நிற்கிறது. அதே கணத்தில் தாழ், உயரின் முன்னுரிமையைப் பெறுகிறது. நேரம் 2-இல் இடை விழிக்கிறது. ஆனால் தாழ் இப்போது அதைவிட மேலே இருப்பதால் இடையால் குறுக்கிட முடியவில்லை. நேரம் 3-இல் தாழ் பூட்டை விட்டு, பழைய முன்னுரிமைக்கு இறங்குகிறது. உயர் 5-இல் முடிகிறது, கெடுவுக்கு 6 மில்லிவினாடி முன்பாகவே. இடைக்கு 3 மில்லிவினாடித் தாமதம் ஏற்பட்டாலும், அதில் யாருக்கும் கேடில்லை. உயரின் காத்திருப்பு இனி, தாழ் பூட்டை வைத்திருக்கும் நேரத்தைத் தாண்டாது. எல்லையற்றதாக இருந்த தாமதம், முன்கூட்டியே கணக்கிடக்கூடியதாகிவிட்டது.

விஎக்ஸ்வொர்க்ஸில் இந்த வசதி ஏற்கெனவே இருந்தது. மியூடெக்ஸை உருவாக்கும்போது அதைக் கேட்டுப் பெற வேண்டும்:

```c
m = semMCreate(SEM_Q_PRIORITY | SEM_INVERSION_SAFE);
```

`select()` உள்ளே உருவான பூட்டில் `SEM_INVERSION_SAFE` சேர்க்கப்பட்டிருக்கவில்லை. அதை இயக்கினால் மற்றப் பணிகளின் வேகமும் நடத்தையும் மாறுமா என்று பொறியாளர்கள் முதலில் சரிபார்த்தார்கள். பிறகு பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் விண்கலத்துக்கு அனுப்பித் திருத்தினார்கள்.

எங்கே தீர்வு போதாது

மரபுரிமைக்கு, பூட்டு யாரிடம் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். சிறு சில்லுகளில் பரவலாகப் பயன்படும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் `xSemaphoreCreateMutex()` உருவாக்கும் பூட்டுக்கு உரிமையாளர் உண்டு, மரபுரிமையும் உண்டு. `xSemaphoreCreateBinary()` உருவாக்கும் செமஃபோருக்கு உரிமையாளர் கிடையாது. அதை எந்தப் பணியும் விடுவிக்கலாம் என்பதால் யாரை உயர்த்துவது என்ற கேள்விக்கே விடையில்லை. தரவைக் காக்க இரண்டாவதைப் பயன்படுத்தினால் நிரல் ஓடும், ஆனால் பாதுகாப்பு இருக்காது.

பூட்டுகள் பல ஆகும்போது வேறு சிக்கல்கள் வரும். உயர் பணிக்கு மூன்று பூட்டுகள் தேவைப்பட்டு, மூன்றும் மூன்று தாழ்ந்த பணிகளிடம் இருந்தால், அது மூன்று முறை காத்திருக்க நேரலாம். இரண்டு பணிகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதன் பூட்டுக்காக நின்றால், இரண்டும் என்றென்றைக்கும் நின்றுவிடும். முன்னுரிமையை உயர்த்துவது இந்த முட்டுக்கட்டையை அவிழ்க்காது. அதே 1990 கட்டுரை, இவ்விரண்டுக்கும் முன்னுரிமை உச்சவரம்பு என்ற கூடுதல் முறையை முன்வைக்கிறது. ஒவ்வொரு பூட்டுக்கும், அதைப் பயன்படுத்தும் பணிகளில் மிக உயர்ந்ததன் முன்னுரிமை வரம்பாகக் குறிக்கப்படும். ஒரு பணி புதிதாகப் பூட்டு எடுக்க வேண்டுமானால், மற்றப் பணிகள் அப்போது பிடித்திருக்கும் பூட்டுகளின் வரம்புகள் அனைத்தையும்விட அதன் முன்னுரிமை உயர்ந்திருக்க வேண்டும். இதனால் உயர் பணி அதிகபட்சம் ஒரே ஒருமுறைதான் தடைபடும், முட்டுக்கட்டையும் உருவாகாது. ஆனால் எந்தப் பணி எந்தப் பூட்டைத் தொடும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எந்த முறையைக் கையாண்டாலும், தாழ்ந்த பணி பூட்டைப் பிடித்திருக்கும் நேரம் குறைவதில்லை. மெமரி கார்டில் எழுதுவது போன்ற மெதுவான வேலையைப் பூட்டுக்குள் செய்தால், உயர்ந்த பணி அந்த முழு நேரமும் நிற்கும். பூட்டுக்குள் தரவைப் பிரதி எடுத்துக்கொண்டு, எழுதும் வேலையைப் பூட்டை விட்ட பிறகு செய்தால் காத்திருப்பு சில மைக்ரோவினாடியாகச் சுருங்கும். மரபுரிமை காத்திருப்புக்கு எல்லை வகுக்கிறது. அந்த எல்லை எவ்வளவு என்பது நிரல் எழுதுபவர் கையில் இருக்கிறது.