தனியே போன கையெழுத்து

நாங்கள் கணக்கு எழுதும் சிறிய கிளினிக் ஒன்றில், நம்மவர் ஒருவரின் அகதி விண்ணப்பத்துக்காக வைத்தியர் கடிதம் கொடுத்தார். சட்டத்தரணி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதல் பக்கத்தில் பழைய காயங்களின் விபரம். இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து மட்டும். நோயாளியின் பெயரோ திகதியோ இல்லை. அது எந்தக் கடிதத்துக்கு இட்ட கையெழுத்து என்று யார் நம்புவார்கள்?

கடிதம் நீளமானதல்ல. கடிதத்தலைப்புத்தான் இடத்தைத் தின்றிருந்தது. A4 தாளின் உயரம் 297 மில்லிமீற்றர். பெரிய இலச்சினையும் சேவைப் பட்டியலும் மேலே 90 மில்லிமீற்றரையும், அடிக்குறிப்பு 45ஐயும் பிடித்திருந்தன. மிச்சம் 162. வரிக்கு 5 மில்லிமீற்றர் என்று பார்த்தால் 32 வரிகள்தான். முகவரி, திகதி, நோயாளி விபரம், கையெழுத்துக்கே அதில் பெரும் பங்கு போய்விடும்.

சேவைப் பட்டியலை நீக்கச் சொன்னோம். அது விளம்பரத்துக்குரியது. மேலே 45, கீழே 30 என்று குறைத்ததும் 44 வரிகள் கிடைத்தன. கடிதம் ஒரே பக்கத்தில் அடங்கியது.

நீண்ட கடிதங்களுக்காக, Word இல் தலைப்பை Header பகுதிக்குள் வைத்து Different First Page ஐத் தெரிவுசெய்தோம். இரண்டாம் பக்கத்தின் மேலே நோயாளியின் பெயர், திகதி, பக்க இலக்கம் மட்டும். மேல் ஓரத்தை 25 மில்லிமீற்றர் என்று விட்டால் போதும். முதல் பக்கத்தில் உயரமான தலைப்பே எழுத்தைக் கீழே தள்ளிவிடும்.

வைத்தியரின் பதிவு இலக்கம் அடிக்குறிப்பில் இருக்கிறது. விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றராவது உள்ளே வையுங்கள். பல அச்சுப்பொறிகள் விளிம்போரத்தை வெட்டிவிடும். நடுத்தாளில் வெளிறிய இலச்சினையும் வேண்டாம். தொலைநகலில் அது கறுத்து எழுத்தை மூடிவிடும்.