மியூட்டில் ஒரு முறை

சாலிகிராமத்தில் நண்பர் ஒருவர் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு பேட்டிகளை யூடியூபில் வெளியிடுவதுதான் தொழில். இரண்டு கேமராவில் ஐம்பது நிமிடம் பேசவைத்துப் படம்பிடிப்பார்கள். அதை 25 நிமிடமாகக் குறைக்க வேண்டும்; அதிலிருந்தே ஒரு நிமிடத் துண்டுகள் நான்கைச் செல்போனில் பார்ப்பதற்கு ஏற்றபடி நெட்டுவாக்கில் வெட்டித் தர வேண்டும். இருந்த மூன்று எடிட்டர்களில் ஒருவர் சினிமாவுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்தார்: மூன்று வருட அனுபவம், பிரீமியர் ப்ரோ, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கட்டாயம், டாவின்சி ரிசால்வ் தெரிந்தால் நல்லது, ஷோரீல் லிங்க் இல்லாத விண்ணப்பங்கள் ஏற்கப்படாது. 31 பேர் விண்ணப்பித்தார்கள். தேர்ந்தெடுக்கும்போது கூட உட்கார என்னைக் கூப்பிட்டார்.

நான் விண்ணப்பங்களைத் தொடுவதற்கு முன்னால் விளம்பரத்தைத்தான் படித்தேன். ஒவ்வொரு மென்பொருளும் எதற்கு என்று கேட்டதும் நண்பர் கொஞ்சம் தடுமாறினார். பிரீமியருக்கு மட்டும் பளிச்சென்று பதில் இருந்தது. ஏற்கெனவே இருக்கும் இரண்டு பேரும் அதில்தான் வேலை செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விளம்பரதாரரிடமிருந்து திருத்தம் வந்தால், அந்த நேரத்தில் நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் அந்த .prproj கோப்பைத் திறந்து திருத்தி அனுப்பியாக வேண்டும். வேறு மென்பொருளில் வெட்டிய பேட்டியை அப்படிக் கை மாற்ற முடியாது. எக்ஸ்எம்எல் வழியாகக் கொண்டுபோகலாம்; ஆனால் வெட்டுகள் போய்ச் சேர்ந்தாலும் எழுத்துகளும் எஃபெக்டுகளும் வழியில் உதிர்ந்துவிடும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எதற்கு? பேசுபவரின் பெயர்ப் பட்டைக்கு. அந்தப் பட்டையை வெளியிலிருந்து ஒரு டிசைனர் .mogrt டெம்ப்ளேட்டாகச் செய்து கொடுத்துவிட்டார். பிரீமியருக்குள்ளேயே பெயரை மாற்றித் தட்டினால் போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸைத் திறக்கவே வேண்டாம். ரிசால்வ் எதற்கு? “எல்லாரும் போடறாங்களேன்னு போட்டேன்ப்பா” என்றார். ஆக, மூன்று பெயரில் உண்மையான கட்டாயம் ஒன்றுதான். அதுவும் திறமைக்கான அளவுகோலாக அல்ல, அடுத்த நாற்காலிக்காரருக்கான வசதியாக.

இந்த வேறுபாட்டைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ‘பாரசைட்’ ஞாபகம் வரும். எடிட்டிங்குக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற அந்த 2019ஆம் ஆண்டுப் படம், ஆப்பிள் நிறுவனம் 2011இலேயே கைவிட்டுவிட்ட ஃபைனல் கட் ப்ரோ 7இல் வெட்டப்பட்டது. 2023இல் எடிட்டிங் ஆஸ்கர் வாங்கிய ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ வெட்டப்பட்டது பிரீமியரில். எந்த மென்பொருள் என்பதை வைத்து எடிட்டரின் கையை எடைபோட முடியாது. அதற்காக ‘பாரசைட்’ எடிட்டரை என் நண்பர் அப்படியே வேலைக்கு எடுத்துவிடவும் முடியாது. வெள்ளிக்கிழமை ஆறு மணி இருக்கிறதே.

விண்ணப்பங்களுக்கு வருவோம். ஐந்து பேரின் ஷோரீல் லிங்கைத் தட்டினால் Request access என்று வந்தது. கூகுள் டிரைவில் போட்டுவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி அனுமதி கொடுக்க மறந்திருக்கிறார்கள். ஒருமுறை எழுதிக் கேட்டோம். மூன்று பேர் சரிசெய்து அனுப்பினார்கள். நாள் முழுக்கக் கோப்புகளை அனுப்புவதையே வேலையாகச் செய்யப் போகிறவர், அனுப்பியது மறுமுனையில் திறக்கிறதா என்று பார்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டோம். அதற்காக மட்டும் யாரையும் தள்ளவில்லை.

கடைசியில் மேசையில் நின்ற இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாமவரின் ரெஸ்யூமே வண்ணமயம். எட்டு மென்பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை, பிரீமியர் 95 சதவீதம், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 85. இந்தச் சதவீதங்களை நான் படிப்பதே இல்லை. எதில் 95 என்பதற்குப் பதில் கிடையாது. ‘மூன்று வருடமாகக் கல்யாண டீசர்கள், மாதம் நான்கு, 4கே, பிராக்ஸி வைத்து வெட்டியது’ என்று கீழே சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரிதான் எனக்கு விஷயம் சொன்னது. இன்ன அளவு வேலையை இன்ன வேகத்தில் செய்திருக்கிறார், கனமான கோப்புகளுக்குப் பதில் இலேசான நகலை வைத்து வெட்டிவிட்டு முடிவில் அசலோடு இணைக்கத் தெரிந்தவர் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது.

இரண்டாமவருடையது ஒரே பக்கம், கறுப்பு வெள்ளை. மதுரைப் பக்கம் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் இரண்டு வருடம், பிறகு செய்தி சேனல் ஒன்றில் நான்கு வருடம். ஆறு வருடமும் எடியஸ். கடைசியில் ‘பிரீமியர் – ஒரு வருடம், சொந்த வேலைகளுக்கு’ என்று அடக்கமாக ஒரு வரி. “எடியஸ் ஆளுப்பா இவரு, நமக்குச் சரிவராது” என்று நண்பர் ஓரமாக வைத்தார். நான் எடுத்துத் திரும்ப நடுவில் வைத்தேன்.

முதலாமவரின் ஷோரீல் 75 விநாடி. டிரோனில் தென்னந்தோப்பு, மழையில் மெதுவாகத் திரும்பும் மணப்பெண், தவில் அடிக்கு ஒரு வெட்டு, பேஸ் அதிரும்போது இருள். நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை போடச் சொன்னேன். பாட்டு போனதும் ரீல் வேறொன்றாகிவிட்டது. ஒவ்வொரு ஷாட்டும் அழகுதான். ஆனால் பக்கத்து ஷாட்டோடு எதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. இது ஏன் இப்போது வந்தது, அது ஏன் அங்கே முடிந்தது என்று கேட்டால், தாளம் அங்கே விழுந்தது என்பதைத் தவிரப் பதில் இல்லை. அந்த அழகில் பாதி கேமராமேனுடையது, மீதியில் ஒரு பங்கு நிறம் திருத்தியவருடையது. 75 விநாடியில் ஒரு மனிதரும் ஒரு வாக்கியத்தைக்கூடப் பேசி முடிக்கவில்லை. நாங்கள் ஆள் தேடுவதோ மனிதர்கள் பேசுவதை வெட்டுவதற்கு.

இப்படித் துண்டு துண்டாகத் தொகுத்த ரீல் தப்பு என்று சொல்ல வரவில்லை. டிரெய்லருக்கோ கல்யாண டீசருக்கோ ஆள் எடுப்பவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இரண்டாமவர் ரீல் என்றே ஒன்றைச் செய்யவில்லை. நான்கு நிமிடப் பேட்டித் துண்டு ஒன்றை அப்படியே அனுப்பியிருந்தார். இதை முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பேச்சை வெட்டியவரின் குறை காதில்தான் முதலில் விழும். மூச்சு பாதியில் அறுபடும். பின்னால் ஓடும் ஏசி இரைச்சல் ஒரு இடத்தில் சட்டென்று மாறும். வாக்கியத்தின் ராகம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியம் கீழிருந்து தொடங்கும். நான்கு நிமிடத்தில் ஒரே ஒரு இடத்தில் இரைச்சல் மாறியது. பிறகு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் பேச்சைக் குறைத்த இடங்களில் எல்லாம் படம் கேட்பவரின் முகத்துக்குப் போயிருந்தது. பதில் சொல்பவரின் குரல் முதலில் வந்து, முகம் அரை விநாடி கழித்து வந்தது. இரண்டாவது நிமிடத்தில் ஒரு அம்மா தன் மகனைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகும் அவர் வெட்டவில்லை. மூன்று விநாடி அந்த முகத்திலேயே நிற்கிறார். அந்த அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறார். அப்புறம்தான் வெட்டு. செய்தி சேனல் வேகத்தில் பழகிய ஒருவர் அங்கே நிறுத்தியிருப்பது என்னை உட்காரவைத்தது.

ரீலில் எது யாருடைய கை என்பது எப்போதும் சிக்கல். முதலாமவரின் டிரோன் ஷாட் ஏழாவது விண்ணப்பக்காரர் ஒருவரின் ரீலிலும் இருந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே ஸ்டுடியோவில் ஒருவர் எடிட்டர், மற்றவர் உதவியாளர். ‘இதில் நீங்கள் செய்தது என்ன?’ என்று ஒரு வரி அனுப்பினோம். முதலாமவர் நேர்மையாகவே பதில் போட்டார்: வெட்டு முழுக்க என்னுடையது, நிறம் இன்னொருவர், எழுத்துகள் விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட். அப்படியானால் அந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 85 எங்கே போயிற்று என்று நண்பர் முணுமுணுத்தார். நமக்குத் தேவையும் அதுதானே, டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றுவது, என்றேன்.

எடியஸ் விஷயத்துக்கு நான் சொன்ன காரணம் இது. எடியஸிலிருந்து பிரீமியருக்கு உள்ள தூரம் குறைவு. இரண்டிலும் டைம்லைன் உண்டு, டிரிம் உண்டு, பல கேமராவைச் சேர்த்து வெட்டும் வசதி உண்டு. மாறுவது பெரும்பாலும் விசைகள். சில வாரம் விரல்கள் தப்பான இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். வெறும் எடிட்டர் ஒருவர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குப் போவதோ, ரிசால்வின் நோடுகளில் நிறம் திருத்தப் போவதோ அப்படியல்ல. அது வேறு தொழில். விளம்பரத்தில் எல்லாம் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு நிற்பதால் ஒரே எடை என்று தோன்றிவிடுகிறது.

இருவரையும் அலுவலகத்துக்கு வரவழைத்து ஒரு சோதனை வைத்தோம். வெளியிட்டு முடித்த பழைய பேட்டியின் இருபது நிமிடக் கச்சா ஃபுட்டேஜ். இரண்டு மணி நேரத்தில் மூன்று நிமிடமாக்க வேண்டும். அரை நாள் சம்பளம் உண்டு. சோதனை என்ற பெயரில் நடப்பு வேலையை இலவசமாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு என்பதால், பழைய பேட்டி என்பதை முதலிலேயே சொன்னோம். நடுவில் ஒரு செல்போன் கிளிப்பை வேண்டுமென்றே வைத்தோம்.

முதலாமவர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் விருந்தினர் ‘படம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த இரண்டாம் பாதிக்காகவே எல்லோரும் பார்க்க வேண்டும்’ என்று சொன்னதில் ஆனாலுக்குப் பிறகு வந்ததை வெட்டியிருந்தார். வேகம் கூடியது, மனிதர் சொன்னது தலைகீழாகிவிட்டது. பிறகு அவருடைய கோப்பைப் பக்கத்து கணினியில் திறந்தோம். Link Media பெட்டி வந்து நின்றது. பின்னணி இசையை அவர் தன் பென்டிரைவிலிருந்தே போட்டிருந்தார். அதைக் கழற்றி எடுத்ததும் இசையும் போய்விட்டது. எல்லாவற்றையும் நாங்கள் கொடுத்த ஹார்ட் டிஸ்கிலேயே வைக்கச் சொல்லியிருந்தோம்.

இரண்டாமவருக்கு இரண்டு மணி இருபது நிமிடம் ஆயிற்று. விசையைத் தட்ட வேண்டிய இடத்தில் மவுஸால் மெனுவைத் தேடினார். பெயர்ப் பட்டை கொஞ்சம் கோணல். ஆனால் செல்போன் கிளிப்பை நேராக டைம்லைனில் போடவில்லை. சில போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப விநாடிக்கு எடுக்கும் பிரேம்களைக் கூட்டிக் குறைக்கும். அதனால் போகப் போக உதடும் குரலும் பிரியும். அவர் அதை முதலில் ஹேண்ட்பிரேக்கில் ஒரே சீரான பிரேம் எண்ணிக்கைக்கு மாற்றிக்கொண்டு பிறகு வெட்டினார். கோப்பு பக்கத்து கணினியில் முதல் தட்டலிலேயே திறந்தது. ஆனாலுக்குப் பிந்தைய பாதியும் இருந்தது.

நண்பர் இரண்டாமவரை எடுத்துக்கொண்டார், முதல் மாதம் அவருடைய பேட்டிகளை மூத்த எடிட்டர் ஒருமுறை பார்த்த பிறகே வெளியிடுவது என்ற ஏற்பாட்டோடு. நெட்டுவாக்குத் துண்டுகளையும் புரமோக்களையும் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசி முதலாமவரிடம் கொடுத்திருக்கிறார். அதில் அவர் கில்லாடி. அடுத்த விளம்பரத்தின் வாசகத்தைப் போன வாரம் எனக்கு அனுப்பினார். ரிசால்வ் இல்லை, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இல்லை. ‘நீங்கள் வெட்டிய பேச்சுக் காட்சி ஒன்று, ஐந்து நிமிடத்துக்குள், பின்னணி இசை இல்லாமல், அதில் நீங்கள் செய்தது என்ன என்று இரண்டு வரி’ என்று இருந்தது.